காலையா, மாலையா: நினைவூட்டல் செய்தியின் நேரத்தை இரண்டு வாரங்களில் சோதிக்கும் முறை

திருகோணமலை நகரிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை விசேட வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிந்தால்தான் வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுக்கவும், கதிரைகளை ஒழுங்குசெய்யவும் முடியும். அதற்காகப் புதன்கிழமைதோறும் பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் போகும். பிள்ளை வருமாயின் 1 என்றும், வராவிட்டால் 2 என்றும் பதில் அனுப்பும்படி அதில் கேட்டிருப்போம். பதில் அனுப்புவோர் பாதிப்பேர்தான். காலையில் அனுப்பினால் கூடுதலாகப் பதில் வரும் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். மாலையில் அனுப்புவதே நல்லது என்று இன்னொருவர் சொன்னார். இருவரிடமும் காரணம் இருந்தது, ஆதாரம் இருக்கவில்லை.

எனவே முதல் தடவை நான் எளிதாகத் தோன்றிய வழியில் இறங்கினேன். முதல் வாரம் எல்லோருக்கும் காலையிலும், அடுத்த வாரம் எல்லோருக்கும் மாலையிலும் அனுப்பிவிட்டு, பதில்களை எண்ணி ஒப்பிட்டேன். காலைக்கே கூடுதலான பதில்கள் வந்திருந்தன. அந்த இரண்டாம் புதன்கிழமை போயா விடுமுறை என்பதும், பல குடும்பங்கள் அன்று ஊரிலேயே இருக்கவில்லை என்பதும் பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. நான் அளந்தது காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாட்டை அல்ல, ஒரு வேலைநாளுக்கும் ஒரு விடுமுறை நாளுக்கும் உள்ள வேறுபாட்டை. இந்தத் தவறைத் தவிர்த்து அதே இரண்டு வாரங்களில் எப்படிச் சோதிப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன். கல்வி நிலையத்துக்குப் பதிலாக உங்களுடையது நூலகமாகவோ, சேமிப்புச் சங்கமாகவோ இருந்தாலும், வாரந்தோறும் ஒரே ஆட்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பவராயின் இந்த முறை அப்படியே பொருந்தும்.

இரண்டு குழு, குறுக்கு மாற்றம்

குடும்பங்களை A, B என்று இரண்டு சம குழுக்களாகப் பிரிக்க வேண்டும். முதல் வாரம் A குழுவுக்குக் காலையிலும் B குழுவுக்கு மாலையிலும் செய்தி போகும். இரண்டாம் வாரம் அதை மாற்றி, A குழுவுக்கு மாலையிலும் B குழுவுக்குக் காலையிலும் அனுப்ப வேண்டும். முழு முறையும் இவ்வளவுதான். ஒரு வாரத்தில் மழையோ, பாடசாலை விளையாட்டுப் போட்டியோ, கோயில் திருவிழாவோ வந்து பதில்கள் குறைந்தாலும், அந்த வாரத்தில் காலைச் செய்தி பெற்றவர்களும் மாலைச் செய்தி பெற்றவர்களும் சம எண்ணிக்கையில் இருப்பதால் இழப்பு இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு நேரங்களையும் ஒரு தடவை சந்திப்பதால், அந்தக் குடும்பத்தை அதே குடும்பத்துடனேயே ஒப்பிடுகிறோம். எப்போது அனுப்பினாலும் உடனே பதில் போடும் தாயும், எப்போது அனுப்பினாலும் பார்க்காத தகப்பனும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் குழுவில் விழுந்தார்கள் என்பது இந்த முறையில் முடிவைப் பெரிதாகச் சாய்க்காது.

நேரத்தைத் தெரிவுசெய்தல்

“காலை”, “மாலை” என்று பொதுவாகச் சொல்வது போதாது. மணியைக் குறித்து எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டவை காலை 6.30, மாலை 7.30. பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால், 6.30 என்பது பிள்ளையைப் புறப்படச் செய்யும் பரபரப்பின் நடுப்பகுதி. அது நல்ல நேரம் அல்ல என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தொலைபேசி கையில் இருக்கும் நேரம் அதுதான் என்று வேறு சிலர் சொல்வதால், சோதிக்க வேண்டியதும் அதையேதான். மாலையில் ஆறு மணியை ஒட்டி அனுப்புவதைத் தவிர்த்தேன். விளக்கேற்றும் நேரமும் மஃரிப் தொழுகை நேரமும் அதை ஒட்டியே வருகின்றன; எங்கள் நிலையத்தில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். அந்த மாதத்தில் வீட்டின் நேர ஒழுங்கு முழுவதும் மாறிவிடுவதால், அப்போது கிடைக்கும் விடை அந்த மாதத்துக்கு மட்டுமே உரியது.

அடுத்தபடியாக நாட்காட்டியைப் பாருங்கள். இரண்டு புதன்கிழமைகளும், அவற்றை அடுத்து வரும் வியாழக்கிழமைகளும் போயா நாளாகவோ, வேறு விடுமுறையாகவோ, தவணைப் பரீட்சை நாளாகவோ இல்லாத இரண்டு வாரங்களைத் தெரிவுசெய்யுங்கள். குறுக்கு மாற்றம் இத்தகைய நாட்களின் பாதிப்பைச் சமன்படுத்தும் என்பது உண்மை. ஆயினும் மிகச் சிலரே பதில் போடும் ஒரு வாரம் நமக்கு எதையும் சொல்லித் தராது.

யாருடைய தொலைபேசி

பட்டியலில் பிள்ளையின் பெயருக்கு நேரே இருக்கும் இலக்கம் யாருடையது என்று பார்க்காமல் தொடங்கிவிட வேண்டாம். திருக்கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் தகப்பன் இரவில் கடலுக்குப் போய் விடியற்காலையில் திரும்புபவராக இருக்கலாம். அவருடைய காலை 6.30 என்பது கரையில் மீன் இறக்கும் நேரம். வேறு சில பிள்ளைகளின் தகப்பன்மார் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறார்கள். அங்கே நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், நமது காலை 6.30 அவர்களுக்கு விடியற்காலை 4 மணி. அத்தகைய இலக்கத்தைச் சோதனையில் வைத்திருந்தால், நாம் அளப்பது திருகோணமலையின் காலையை அல்ல. வீட்டில் இருப்பவரின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வழக்கம்போலச் செய்தி அனுப்புங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். கடற்றொழில் குடும்பத்தை இவ்வாறு விலக்கக் கூடாது. அவர்கள் வாழ்வது இதே ஊரின் நேரத்தில்தான், அவர்களுடைய காலையும் நமது கேள்விக்குள் அடங்கியதே.

அக்கா, தம்பி என்று இருவர் ஒரே நிலையத்தில் படித்தால் அவர்களை ஒரு குடும்பமாக, ஒரே வரியாகப் பதிய வேண்டும். இருவரையும் தனித்தனியே குழு பிரித்தால், ஒரே தாயின் தொலைபேசிக்கு ஒரே நாளில் காலையும் மாலையும் செய்தி போய்விடும்.

தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லோருக்கும் ஒரு சாதாரண செய்தி அனுப்பி, நிலையத்தின் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்துவைக்கும்படி கேளுங்கள். வட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நமது இலக்கத்தைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். இந்த முன்னோட்டச் செய்தியிலேயே பாவனையில் இல்லாத இலக்கங்கள் ஒற்றைச் சரிக்குறியோடு நின்று தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைத் திருத்துவதும் நீக்குவதும் சோதனை தொடங்குமுன் முடிந்துவிட வேண்டும். இந்த இரண்டு வாரங்களும் நினைவூட்டல் வெவ்வேறு நேரங்களில் வரக்கூடும் என்ற ஒரு வரியையும் அதே செய்தியில் சேர்த்துவிட்டால், “ஏன் இன்றைக்கு இந்த நேரத்தில்” என்ற கேள்வி எழாது.

குழுவாகத் தொடங்கிய வட்ஸ்அப்பில் நினைவூட்டலைப் போட வேண்டாம். அங்கே ஒருவர் 1 என்று போட்டால் அதைப் பார்த்து மற்றவர்களும் போடுவார்கள், அல்லது “நான்கு பேர் போட்டுவிட்டார்களே” என்று விட்டுவிடுவார்கள். பிராட்காஸ்ட் வழியில் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகிறது; பதிலும் தனியாகவே திரும்பி வருகிறது.

பட்டன் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். நிலையத்தின் பெயரைக் காட்டி அனுப்பும் சேவை வழியாகப் போகும் குறுஞ்செய்திக்குப் பெறுபவரால் பதில் அனுப்ப முடியாது என்பதால், சாதாரண கைத்தொலைபேசி இலக்கத்திலிருந்தே அனுப்புங்கள். மேலும் தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள் மட்டுமே அடங்கும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் அந்த இடம் விரைவில் நிரம்பிவிடும். முதல் வாரம் குறுஞ்செய்தி பெற்ற குடும்பம் இரண்டாம் வாரமும் குறுஞ்செய்தியையே பெற வேண்டும். வழி மாறாதிருக்கும் வரை கலப்பாக இருப்பதில் தவறில்லை.

குலுக்கிப் பிரித்தல்

A யார், B யார் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளைகளை A என்றும், பாலையூற்றுப் பக்கத்துப் பிள்ளைகளை B என்றும் பிரித்தால், தொழிலும் வீட்டுப் பழக்கமும் இடத்தோடு சேர்ந்து வந்துவிடும். தரம் 10 ஒரு குழு, தரம் 11 ஒரு குழு என்று பிரித்தாலும் அதே கதைதான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய வீட்டின் கவனம் வேறு. குலுக்கலே சரியான வழி. குடும்பங்கள் 96 ஆயின், பிஸ்கற் ரின் ஒன்றில் 48 துண்டுக் கடதாசிகளில் A என்றும் 48 துண்டுகளில் B என்றும் எழுதிப் போட்டு, நன்றாகக் குலுக்கி, பட்டியலில் உள்ள ஒழுங்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக எடுப்பது போதும். கணினியில் செய்வதாயின், 96 குடும்பங்களின் இலக்கங்களும் A2 முதல் A97 வரை இருக்க, B நிரலில் `=RAND()` என்று இட்டு, வந்த எண்களை நகலெடுத்து, அதே இடத்தில் எண்களாக மட்டும் ஒட்டுங்கள். அவ்வாறு ஒட்டாவிட்டால், தாளில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறி, குழுக்களும் மாறிக்கொண்டே இருக்கும். பின்னர் C2இல் இதை எழுதிக் கீழே இழுக்கலாம்:

```
=IF(RANK(B2,$B$2:$B$97)<=48,"A","B")
```

குலுக்கிய பின் பட்டியலைப் பார்த்து, “பதில் போடுகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டார்களே” என்று இரண்டு மூன்று பெயர்களை இடம் மாற்றத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாற்றினால் அது குலுக்கல் அல்ல. பிராட்காஸ்ட் பட்டியல்களுக்கும் A, B என்றே பெயரிட்டு, எந்த நாள், எந்த மணி, எந்தப் பட்டியல் என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். இந்தச் சோதனைகள் கெடுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, தூக்கக் கலக்கத்தில் காலை 6.30க்கு B பட்டியலை அழுத்திவிடுவதில்தான்.

எது பதில், எதுவரை பதில்

இதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பெற்றோர் 1, 2 என்று மட்டும் அனுப்ப மாட்டார்கள். கட்டைவிரல் குறி போடுவார்கள், குரல்பதிவு அனுப்புவார்கள், “தம்பிக்குக் காய்ச்சல், பார்க்கலாம்” என்று எழுதுவார்கள், சிலர் அழைத்தே பேசிவிடுவார்கள். நான் வைத்த விதி இது: பிள்ளை வருமா வராதா என்று எனக்குக் குறிக்கக்கூடியதாக இருந்தால் அது பதில், இல்லாவிட்டால் பதில் அல்ல. கட்டைவிரலை “வருவார்” என்று எடுத்துக்கொண்டேன். “பார்க்கலாம்” என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் வேறு விதமாக வைக்கலாம். ஆனால் பதில்கள் வரத் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது.

கால எல்லையில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். வியாழன் நண்பகலில் உட்கார்ந்து அதுவரை வந்த பதில்களை எண்ணினால், காலைச் செய்திக்கு 29 மணித்தியாலத்துக்கு மேலும், மாலைச் செய்திக்கு 17 மணித்தியாலம்கூட இல்லாமலும் அவகாசம் கிடைத்திருக்கும். காலை வெல்வதற்கு அதுவே போதும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் அது அனுப்பப்பட்ட நேரத்திலிருந்து சரியாக 24 மணித்தியாலம் கொடுக்க வேண்டும். காலை 6.30 செய்தியின் எல்லை வியாழன் காலை 6.30; மாலை 7.30 செய்தியின் எல்லை வியாழன் மாலை 7.30. வட்ஸ்அப்பில் ஒவ்வொரு பதிலின் அருகிலும் நேரம் இருப்பதால் பிறகு நிதானமாகப் பார்த்துக் குறிக்கலாம். 24 மணித்தியாலம் என்பதில் காலைச் செய்திக்கு ஒரு மாலையும், மாலைச் செய்திக்கு ஒரு காலையும் இடையே கிடைத்துவிடுவதால், அது இரண்டுக்கும் நியாயமான எல்லை.

பதில் போடாதவர்களுக்கு இரண்டாம் நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும், வினாத்தாள் எண்ணிக்கை காத்திராது. அதை வியாழன் இரவு 8 மணிக்கு, இரண்டு எல்லைகளும் முடிந்த பிறகு, இரு குழுவினருக்கும் ஒன்றாக அனுப்புங்கள். அதற்கு வரும் பதில்கள் வகுப்பு ஏற்பாட்டுக்குப் பயன்படும், சோதனைக்கு அல்ல. அதுபோல, புதன், வியாழன் வகுப்புகளில் “சனிக்கிழமைக்கு அம்மாவைப் பதில் போடச் சொல்லுங்கள்” என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நினைவூட்டலே. அதுவும் பெரும்பாலும் மாலையில் வீட்டுக்கு வந்துசேரும் நினைவூட்டல்.

செய்தி ஒற்றைச் சரிக்குறியோடு நின்றவர்களை என்ன செய்வது? தொலைபேசி அணைந்திருந்ததால் அவருக்குச் செய்தியே போகவில்லை, அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று மனம் சொல்லும். எடுக்கக் கூடாது. இரவு கடலுக்குப் போனவரின் தொலைபேசி காலையில் அணைந்திருப்பது தற்செயல் அல்ல. அதுவும் காலை நேரத்தின் ஒரு குணம். அவரைப் பதில் தராதவராகவே குறிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டார் மூலம் கேள்விப்பட்டு, தனக்கு மாலைச் செய்தி வருமுன்பே காலையில் பதில் போடும் குடும்பங்களும் ஒன்றிரண்டு இருக்கும். அது தனக்கு வந்த நினைவூட்டலுக்கான பதில் அல்ல என்பதால் அதை எண்ணக் கூடாது, ஆனால் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒரே நாளில் மாலை எப்போதும் பின்னால் வருவதால், இந்தக் கசிவு இரண்டு வாரங்களிலும் மாலையின் பதில்களையே குறைக்கும். அதையும் மீறி மாலை வென்றால் கவலை வேண்டியதில்லை. காலை மயிரிழையில் வென்று, இத்தகையவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால், அந்த வெற்றியை நம்ப வேண்டாம்.

எண்ணுவதும் முடிவு சொல்வதும்

முதல் வாரம் முடிந்ததும் விடை தெரிந்துவிட்டதாகத் தோன்றும். அங்கே நின்றுவிட்டால் குறுக்கு மாற்றத்தின் பயன் கிடைக்காமல் போகும். இரண்டாம் வாரத்தையும் முடியுங்கள். பிறகு D நிரலில் அந்தக் குடும்பம் காலைச் செய்திக்குப் பதில் தந்திருந்தால் 1, தராவிட்டால் 0 என்றும், E நிரலில் மாலைச் செய்திக்கு அதேபோலவும் எழுதுங்கள். வெற்றுக் கட்டங்களை விட்டுவைக்காதீர்கள். கீழே வரும் சூத்திரம் வெற்றுக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்ளாது.

இனி 96 குடும்பங்களும் நான்கு கூட்டமாகப் பிரியும். கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்த எண்களைக் கொண்டு பார்ப்போம். இரண்டு நேரத்துக்கும் பதில் தந்தவர்கள் 41 குடும்பங்கள். இரண்டுக்கும் தராதவர்கள் 24. காலைக்கு மட்டும் தந்தவர்கள் 9. மாலைக்கு மட்டும் தந்தவர்கள் 22. கூட்டினால் 96 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது.

காலைக்கு மொத்தம் 50 பதில்களும் மாலைக்கு மொத்தம் 63 பதில்களும் வந்திருக்கின்றன. பலர் இந்த 50ஐயும் 63ஐயும் பார்த்தே முடிவு சொல்லிவிடுவார்கள். ஆனால் எப்போதும் பதில் தரும் 41 குடும்பங்களும், எப்போதும் தராத 24 குடும்பங்களும் நேரத்தைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்பவர்கள் ஒரு நேரத்துக்கு மட்டும் பதில் தந்த 31 குடும்பங்களே. நேரத்தால் ஒரு வேறுபாடும் இல்லையென்றால், இந்த 31 பேரும் நாணயம் சுண்டியதுபோல ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். 22க்கு 9 என்பது நாணயத்தில் வரக்கூடிய சாய்வுதானா என்பதே கேள்வி.

அதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு எண்களின் வித்தியாசத்தை, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 13, கூட்டுத்தொகை 31, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.57. வகுத்தால் 2.33 வரும். விடை 2க்கு மேல் இருந்தால், வெறும் தற்செயலால் இவ்வளவு சாய்வு வருவது இருபதில் ஒரு தடவைக்கும் குறைவு என்று கொள்ளலாம். தாளில் அதை இப்படிச் செய்யலாம். முதல் வரி F2இலும், இரண்டாவது F3இலும், மூன்றாவது F4இலும்:

```
=COUNTIFS(D2:D97,1,E2:E97,0)
=COUNTIFS(D2:D97,0,E2:E97,1)
=ABS(F2-F3)/SQRT(F2+F3)
```

22க்கு 9 என்பதற்குப் பதிலாக 18க்கு 12 என்று வந்திருந்தால், வித்தியாசம் 6, வர்க்கமூலம் 5.48, விடை 1.1. அப்போது மாலை கூடுதல் என்று சொல்ல முடியாது. இரண்டும் சமம் என்றும் சொல்ல முடியாது. இத்தனை குடும்பங்களைக் கொண்டு பார்க்கக்கூடிய அளவுக்கு வேறுபாடு இல்லை என்பதே நேர்மையான விடை. அந்த நிலையில் அனுப்புபவருக்கு எது வசதியோ அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கின் எல்லையும் இதிலிருந்தே தெரியும். குடும்பங்கள் 30 மட்டுமே இருந்தால், ஒரு நேரத்துக்கு மட்டும் பதில் தருபவர்கள் ஏறத்தாழப் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பத்தில் 8க்கு 2 வந்தாலும் விடை 2ஐத் தாண்டாது. 9க்கு 1 வந்தால்தான் தாண்டும். சிறிய நிலையங்கள் இரண்டு வாரத்தோடு நிற்காமல், இதே குறுக்கு மாற்றத்தை வேறொரு தவணையில் புதிய குடும்பங்களோடும் செய்து, ஒரு நேரத்துக்கு மட்டும் பதில் தந்தவர்களின் எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முடிவை நம்புமுன் வாரங்களையும் ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும். என் எடுத்துக்காட்டில் முதல் வாரம் A குழுவின் காலைப் பதில்கள் 26, B குழுவின் மாலைப் பதில்கள் 33, ஆக 59. இரண்டாம் வாரம் A குழுவின் மாலைப் பதில்கள் 30, B குழுவின் காலைப் பதில்கள் 24, ஆக 54. புதுமை குறைந்ததாலோ வேறு எதனாலோ இரண்டாம் வாரம் ஐந்து பதில்கள் குறைந்துவிட்டன. A குழுவுக்கு மாலை இரண்டாவதாக வந்ததால், அந்தக் குறைவு மாலையின் நன்மையை 4 ஆகச் சுருக்கிக் காட்டுகிறது. B குழுவுக்குக் காலை இரண்டாவதாக வந்ததால், அதே குறைவு மாலையின் நன்மையை 9 ஆக விரித்துக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்த 13இல் அந்தக் குறைவு ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. இரு குழுக்களிலும் மாலையே முன்னிற்பதால் முடிவில் சந்தேகம் குறைவு. ஒரு குழுவில் மாலையும் மற்றதில் காலையும் பெரிய அளவில் வென்றிருந்தால், முதலில் பட்டியல் மாறி அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் வேறு காரணம் தேட வேண்டும்.

மாலை வென்றது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு யோசனை எல்லோருக்கும் வரும்: காலைக்கு மட்டும் பதில் தந்த அந்த 9 குடும்பங்களுக்குக் காலையிலேயே தொடர்ந்து அனுப்பினால் என்ன? எங்கள் ஆசிரியர் ஒருவரும் இதைத்தான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாம் ஒரு காலையையும் ஒரு மாலையையும் மட்டுமே பார்த்திருக்கிறோம். அந்த மாலையில் விருந்தினர் வந்திருக்கலாம், தொலைபேசியைப் பிள்ளை வைத்து விளையாடியிருக்கலாம். 9 பேரில் உண்மையாகவே காலையை விரும்புகிறவர்கள் யார் என்று இந்தத் தாளிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்கு அதே குடும்பங்களைப் பல வாரங்கள் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எனவே எல்லோருக்கும் மாலை 7.30 என்று ஒரே நேரத்தை வைப்பதே சரி. தன் வேலை நேரத்தைச் சொல்லி, காலையில் அனுப்பும்படி தானாகவே கேட்கும் பெற்றோருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

தாளின் மேலே சோதித்த இரு திகதிகளையும், மணிகளையும், பதில் எது என்பதற்கு வைத்த விதியையும் எழுதிக் கோப்பில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று வந்து கடல் கொந்தளிக்கும்போது, கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நேரம் மாறிவிடும். அப்போது இந்த விடையை மீண்டும் சோதிக்க வேண்டிவந்தால், இதே விதிகளோடு செய்தால்தான் பழைய எண்களோடு ஒப்பிட முடியும்.